எரியாத போர்டு

பம்மலில், முட்டை பொரிக்கும் பெட்டியின் சூட்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர் போர்டு செய்து விற்றேன். பிளஸ் மைனஸ் மாறினால் கரண்டைத் தடுக்க உள்ளே ஒரு டயோடு உண்டு. "எந்த அடாப்டரைச் செருகினாலும் எரியாதுக்கா" என்று, வாங்கிய முடிச்சூர் அக்காவிடம் பீற்றினேன்.

பழைய அடாப்டர் கெட்டதும் கடையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார். விளக்கே வரவில்லை என்று போன் செய்தார்.

"போர்டு போயிருக்கும், கொண்டாங்க" என்றேன் எரிச்சலோடு. வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். புது அடாப்டர் பின்னில் நடுவில் மைனஸ்; என் போர்டுக்கு நடுவில் பிளஸ் வர வேண்டும், அதனால் டயோடு கரண்டைத் தடுத்திருக்கிறது. என் அடாப்டரைச் செருகியதும் போர்டு உடனே வேலை செய்தது. பிளஸ் மைனஸ் மாறினால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கலாம். சோம்பேறி நான்.

"முட்டையெல்லாம்?"

"நேத்தே சில்லுன்னு ஆயிடுச்சுப்பா."

போர்டை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.