பதினான்காவது வரி

சிங்கப்பூரில் சரக்குக் கப்பல்களுக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தேன். அந்த வேலை போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதன் பிறகுதான் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலைகளில் ஈசூனிலிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியா போவேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறை.

இரண்டு பேருக்கு ஒரு கணினி. ஒருவர் தட்ட வேண்டும், மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். என் ஜோடி புக்கிட் பாத்தோக்கிலிருந்து வருகிறவள். பல் மருத்துவமனை ஒன்றின் முகப்பில் வேலை பார்த்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். என் இடம் சுவரோரம். அவள் எழுந்து வழி விட்டால்தான் நான் வெளியே வர முடியும்.

அன்றைய பயிற்சி, ஒரு கோப்பில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று கோ (Go) என்ற நிரல் மொழியில் எண்ணுவது. சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் சேர்த்து வைக்கும் பட்டியலுக்கு அதில் மேப் என்று பெயர். நான் தட்டினேன்:

var counts map[string]int

"அக்கா, make போட்டு மேப்ப உருவாக்கலையே?" என்றாள் அவள்.

"தேவையில்லமா. போன வாரம் ஸ்லைஸ் பட்டியலுக்கு make இல்லாமதானே append பண்ணிச் சேத்தோம், ஓடுச்சுல்ல?"

சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் counts[w]++ என்று எழுதி ஓட்டினேன். கணினி பிழை எதுவும் காட்டாமல் நிரலைத் தொகுத்தது, அது ஓடத் தொடங்கியது, உடனே விழுந்தது.

panic: assignment to entry in nil map

கீழே பதினான்காவது வரி என்று காட்டியது. எண்ணிக்கையைக் கூட்டும் வரி.

கோப்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். வேறு கோப்பை வைத்தேன். விழுந்தது. ஒரே ஒரு சொல் உள்ள கோப்பை வைத்தேன். விழுந்தது. காலியான கோப்பு மட்டும் விழாமல் ஓடியது. அப்படியானால் சொற்களைப் பிரிக்கும் இடத்தில்தான் தப்பு என்று அங்கே போய்க் குடைந்தேன்.

"அக்கா, மேப்தான் nil, இன்னும் உருவாகவே இல்லன்னு சொல்லுது லா."

"இரு, காட்டுறேன்." சொற்களை எண்ணும் வளையத்துக்கு (loop) முன்னால் counts-ஐ அச்சிட்டேன். map[] என்று வந்தது. "பாத்தியா? மேப் இருக்கு. காலியா இருக்கு, அவ்வளவுதான்." அதிலிருந்து ஒரு சொல்லைப் படித்தும் காட்டினேன். பூஜ்யம் என்று ஒழுங்காகப் பதில் வந்தது. "படிக்க முடியுது, எழுத முடியாதா? நான்தானே தட்டுறேன், கொஞ்சம் பேசாம இரு."

அதைச் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இருபது நிமிடம் அந்த மூலையில் கிடந்தேன். எதை மாற்றினாலும் அதே சிவப்பு வரி. மற்ற மேசைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுந்து கழிவறைக்காவது போகலாம் என்றால் அவளிடம் வழி கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு விடை தெரியும் என்பது எனக்குள் எப்போதோ விளங்கிவிட்டது. திரும்பி ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். அதைச் செய்யாமலிருக்க என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் பார்க்காத மாதிரி, counts == nil என்பதை அச்சிட்டேன். true, அதாவது ஆம் என்று வந்தது.

nil மேப்பும் காலி மேப்பும் அச்சில் ஒரே மாதிரி map[] என்றுதான் வருமாம். nil மேப்பிலிருந்து படிக்கலாம், பூஜ்யம் கிடைக்கும். எழுதத்தான் முடியாது, எழுத உள்ளே இடமே இல்லை. நான் வைத்தது வெறும் பெயர். நான் முதலில் தட்டிய அந்த வரியை அழித்து, counts := make(map[string]int) என்று எழுதினேன். சொற்கள் வரிசையாக எண்ணிக்கையோடு வந்து விழுந்தன.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர், நாங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். nil-ஆ என்று அச்சிட்டுப் பார்த்தேன் என்றேன். நல்ல முறை என்று எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டினார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதியம் கீழே சாப்பாட்டுக் கடையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீ மொதல்லயே சொன்னமா. நான்தான் கேக்கல."

"ஆமாக்கா, சொன்னேன்." தோசையைப் பிய்த்தாள். "இத சார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பிற்பகல் வகுப்பு தொடங்கும்போது ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்தைத் திறந்தார். வகுப்பில் யாருக்கும் அது கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வாசல் பக்கம் வேறொருவரோடு உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்து நாற்காலி அன்று காலி. ஆனாலும் பழக்கத்தில் சுவரோரமாகவே போய் உட்கார்ந்தேன்.