நான் பிடித்துவைத்த பெயர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் நான் பார்த்த வேலை, குறை கண்டுபிடிப்பது. தைத்து வரும் ஒவ்வொரு ஜோடியையும் புரட்டிப் பார்த்து, எங்கோ ஒரு தையல் பிசகியிருக்கும் என்று நம்பித் தேட வேண்டும். அப்படி நம்பித் தேடினால்தான் கண்ணில் படும். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

யோகா வகுப்பு தொடங்கியபோதும் அது கூடவே வந்தது. என் கூட்டாளி வேலூரில் நர்ஸாக இருந்தவள். எல்லோரும் அவளை சிஸ்டர் என்றார்கள், நானும் அப்படித்தான். இருவரும் ஒன்றாகப் படித்து ஆசிரியர் சான்றிதழ் வாங்கியிருந்தோம். வேலூரில் நெரிசலான தெரு ஒன்றில், மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் ஹால் பிடித்தோம். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அரைமணி நேர வகுப்பு. பெயர் வைப்பதுதான் பாக்கி.

சிஸ்டரிடம் ஒரு சோதனை இருந்தது. சேர வருகிறவர்களை, வீட்டுக்குப் போனில் சொல்வதுபோல் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்வாள். ‘ஓம்’ என்று தொடங்கிய பெயரைச் சொல்லிப் பார்த்த ஒரு முஸ்லிம் பெண், “எங்க வீட்ல வுட மாட்டாங்க மேடம்” என்றாள். ‘ஸ்லிம்’ என்றதற்கு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், “மாமியார் காதுல வுழுந்தா அவ்ளோதான், ஒரு வாரம் சிரிப்பாங்க” என்றார். நான் சொன்ன ‘நிதானம்’ என்ற பெயரை மட்டும் எல்லோரும் கூச்சமில்லாமல் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரேட்மார்க் பதிவேட்டில் யோகா பயிற்சி வரும் பிரிவில் சிஸ்டர் தேடிப் பார்த்தாள். அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. சந்தேகம் அன்று மாலைதான் ஆரம்பித்தது. போனில் ஏஜென்ட்டோடு பேசிக்கொண்டிருந்தவள், நான் படியேறி வந்ததும் பால்கனிக்குப் போய்விட்டாள். மேசையில் விண்ணப்பம் கிடந்தது. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும்.

யோசித்துச் சொன்னது நான், சொந்தம் கொண்டாடுவது இவளா? கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கேட்கவில்லை. ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, என் போன் நம்பரைக் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் ‘நிதானம் வேலூர்’ என்று ஒரு கணக்கைத் தொடங்கினேன். ஒரு பிடி நம் கையிலும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, மோசம் போய்ட்டோம். இன்ஸ்டால நம்ம பேரை யாரோ எடுத்துட்டாங்க. நேத்து மதியம் பாத்தேன், சும்மாதான் இருந்துச்சு.”

“யாரா இருக்கும்?” என்று நானும் பதறினேன். வாய் அத்தோடு நிற்கவில்லை. “போர்டு போடுறவன் கிட்ட சொன்னோமே, அவனா இருக்கும்.”

அவள் போனில் எதையோ அழுத்திப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, “பேரை மாத்திரலாம்க்கா. ‘வேலூர் யோகா வகுப்பு’ன்னு வெச்சிரலாம்” என்றாள்.

“அது பொதுவான பேராச்சே. டிரேட்மார்க் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க.”

“அதான் வேணும். யாரும் தனியா எடுத்துக்க முடியாது.”

இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமா என்று அந்த வாரம் முழுக்கத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. தமிழ் பெரிதாக மேலே, ஆங்கிலம் சிறிதாகக் கீழே என்று முறைப்படி போர்டு வந்தது. ஆணி அடித்துவிட்டு ஆட்கள் போன பிறகு, சிஸ்டர் ஒரு ஃபைலை என்னிடம் நீட்டினாள்.

“இது இனிமே வேணாம். கிழிச்சிருங்க.”

அதே விண்ணப்பம்தான். அன்று நான் புரட்டாத இரண்டாம் பக்கத்தில், கூட்டு விண்ணப்பதாரர் என்று என் பெயர் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பதினாறு வருடம் ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பார்த்தவள், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

“சிஸ்டர், அந்த இன்ஸ்டா...” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கே தெரியும்க்கா. யாருன்னு பாக்கலாம்னு, பாஸ்வேர்டு மறந்துட்ட மாதிரி அழுத்துனேன். போன் நம்பர்ல கடைசி ரெண்டு நம்பரைக் காட்டுச்சு.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்களே சொல்வீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். நீங்க போர்டுக்காரனைச் சொன்னதோட சரி.”

ஏழு மணி ஆட்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் பாய்களை எடுத்து விரிக்க ஆரம்பித்தாள். என் பாயை எப்போதும் அவளுடையதற்குப் பக்கத்தில்தான் போடுவாள். அன்று அதை என் கையில் கொடுத்தாள்.