ஒன்பது தலை உயரம்

வஜீஹாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தி.நகரில் ரங்கநாதன் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கும் அந்த பொட்டிக் தையல்கடையில் எல்லோருக்கும் இது தெரியும். பத்தொன்பது வருஷமாக அங்கே அவள்தான் கட்டிங் மாஸ்டர். முதலாளி ஸ்நேஹா எதை வரைந்தாலும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரவேண்டும். வஜீஹா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். பிறகு ஆரம்பிப்பாள். ஸ்நேஹா ஃபேஷன் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்பதெல்லாம் அந்த மேஜையில் செல்லாது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை வந்த படமும் அப்படித்தான் வந்தது. மயிலாப்பூரிலிருந்து ஸஹானா என்று ஒரு பெண், வேளச்சேரியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, நவம்பரில் கல்யாணம். ரிசப்ஷனுக்கு நீளமான கவுன். இடது இடுப்பில் துணியைப் பிடித்து, அங்கிருந்து மடிப்பு மடிப்பாய்க் கீழே விழ வேண்டும்.

"இன்னா ஸ்நேஹா இது, ரா சில்க்னு எழுதிக்கீறே, மடிப்ப கிரேப் மாதிரி வரைஞ்சிக்கீறே? ரா சில்க் இப்படி வழியுமா? அது முறைச்சிக்கினு நிக்கும். கோடு கூர்கூரா முறியணும்."

"அப்ப சாட்டின் கிரேப்னு மாத்திடறேன்க்கா."

"மாத்து. ஆனா பளபளப்பு மடிப்போட மேட்டுல வரணும், நீ பள்ளத்துல போட்டுக்கீறே. அப்புறம் இந்த மடிப்பெல்லாம் எங்கேர்ந்து பொறக்குது? துணியைப் பிடிச்ச எடத்துலேர்ந்துதானே விரியணும்? இது பாட்டுக்கு நடுவுல முளைச்சிக்கினு கீது."

ஸ்நேஹா சிரித்துக்கொண்டே அழித்து வரைந்தாள். அதுவரை நல்ல வேலை. அதன் பிறகு வஜீஹா சொன்னதுதான் வினையாயிற்று.

ஃபேஷன் படத்தில் உருவம் ஒன்பது தலை உயரம், அதாவது தலையைப்போல் ஒன்பது மடங்கு இருக்கும். நிஜ மனிதர்கள் ஏழு, மிஞ்சினால் ஏழரை. மீதி உயரம் முழுக்கக் காலில் போகும். இடுப்பு கைப்பிடிக்குள் அடங்கும். துணி விழுகிற அழகைக் காட்டுவதற்கான ஏமாற்று அது, ஏமாற்று என்று தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்தப் படம் கட்டிங் மேஜையைத் தாண்டாது. வாடிக்கையாளருக்கு உடையை மட்டும் தட்டையாக வரைந்து காட்டுவார்கள். இந்த முறை ஸ்நேஹா ஆசைப்பட்டு, அந்த ஒன்பது தலை உருவத்துக்கு ஸஹானாவின் முகத்தையே வரைந்து அவளுக்கு அனுப்பியும் விட்டிருந்தாள். ஸஹானா அன்றைக்கு அளவு கொடுக்க வந்து, திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அது வஜீஹாவுக்குத் தெரியாது.

"இந்த ஒடம்புல மடிப்பு விழும், ஸ்நேஹா. நேர்ல இருக்கிற இடுப்புல விழாது, இழுத்துக்கும்."

சொன்னது தப்பில்லை. கிராஸில், மூலைவாட்டாக வெட்டிய சாட்டின் கிரேப் உடம்போடு ஒட்டும், அதற்கு லூஸ் கூட்டி வெட்ட வேண்டும், படத்தையும் பெண்ணின் அளவுக்குத் திருத்த வேண்டும். அதைத்தான் அடுத்து சொன்னாள். அடுத்து சொன்னதை யார் கேட்டார்கள்? திரை விலகியது. ஸஹானா வெளியே வந்து மரியாதையாக, "அளவு எடுக்கலாமா ஆண்ட்டி?" என்றாள். இடுப்பு முப்பத்தொன்று. வஜீஹா எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்டில் காடாத்துணியில் மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்தார்கள். இடுப்பு இருபத்தொன்பது. கல்யாணப் பெண்கள் இளைப்பது வழக்கம்தான் என்று ஊசி குத்திப் பிடித்தாள். செப்டம்பரில் இருபத்தேழு. பிடித்த இடத்திலேயே மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. காடாத்துணி தோளிலிருந்து தொங்கியது. இடுப்பில் பிடித்த மடிப்புகள் தாங்க ஒன்றும் இல்லாமல் சரிந்து சரிந்து விழுந்தன. டேப்பைச் சுற்றும்போது ஸஹானாவின் முதுகில் விரல் பட்டது. வெளியே வெயில் கொளுத்தியது; முதுகு சில்லென்று இருந்தது. துருத்திய முதுகெலும்பின் வழியே, பட்டினி கிடக்கும் உடம்பில் வருவதுபோல், மெல்லிய பூனைமுடி முளைத்திருந்தது.

"சாப்புடறியாம்மா?"

"சாப்பிடறேனே ஆண்ட்டி. இப்ப மடிப்பு விழறதா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று வஜீஹாவுக்கு உடனே புரிந்தது. அன்றைக்கு ரயிலில் சைதாப்பேட்டையில் இறங்க மறந்து கிண்டி வரை போய்விட்டாள்.

வெளியே சோபாவில் அம்மா விஜயலக்ஷ்மி ஒவ்வொரு தடவையும் பூரிப்போடு உட்கார்ந்திருப்பாள். "ஆத்துல எல்லாரும் கேக்கறா, எப்படி இவ்ளோ ஸ்லிம் ஆனான்னு. வேலைக்குப் போயிண்டே வாக்கிங்கும் போறா." பெண் இப்போதெல்லாம் வீட்டிலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள் என்பதையும் அவளே சொன்னாள், அடக்கமான பெண் என்ற பெருமையில்.

அடுத்த நாள் வஜீஹா முதலாளியிடம் நேராகப் போனாள். "துணி வெட்ட மாட்டேன். அளவு நிக்கல. அந்தப் படத்த மாத்து. ஏழு தலை ஒயரம், முப்பத்தொண்ணு இடுப்பு, அவ மொதல்ல வந்தப்ப இருந்த மாதிரியே. அதுலயும் மடிப்பு விழும்னு காட்டு."

ஸ்நேஹா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளுக்கும் பயம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். வஜீஹா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடாகத் திருத்தினாள். முழங்கால் எங்கே வருமோ அங்கே, இடுப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு. மடிப்புகள் இடுப்பின் மேட்டில் பிறந்து, உருண்டு, கனமாக விழுந்தன. பத்தொன்பது வருஷத்தில் அந்த மேஜையில் அவ்வளவு சரியான படம் வந்ததில்லை. பார்க்கவும் அழகாக இருந்தது. வஜீஹாவே ஸஹானாவின் கையில் கொடுத்தாள்.

"இதாம்மா நீ. எவ்ளோ லட்சணமா கீறே, பாரு. துணி இதுலதான் விழுது."

ஸஹானா நெடுநேரம் பார்த்தாள். போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆண்ட்டி," என்றாள். வஜீஹாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மறுநாள் சாட்டின் கிரேப்பைப் பிரித்து மேஜையில் விரித்துக்கூட வைத்தாள்.

அக்டோபர் கடைசியில், நல்ல மழையில், துணி வெட்டுமுன் கடைசி அளவுக்கு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். திரைக்குள் வஜீஹா டேப்பைச் சுற்றினாள். இருபத்தைந்து. தப்பாகப் பிடித்திருப்போம் என்று மறுபடி சுற்றினாள். இருபத்தைந்தேதான்.

"அந்தப் படத்தப் பாக்கலியாம்மா நீ?"

"தினம் பாக்கறேன் ஆண்ட்டி." ஸஹானா போனைத் திருப்பிக் காட்டினாள். திறந்ததுமே முகப்பில் அந்தப் படம். "பசி எடுக்கறப்போல்லாம் இதைத்தான் பாப்பேன். நீங்க மட்டும் வரைஞ்சு குடுக்கலேன்னா, நான் எவ்ளோ அசிங்கமா இருந்தேன்னு எனக்கு மறந்தே போயிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல்லும் கண்ணும் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

வஜீஹா டேப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். விஜயலக்ஷ்மி ஏதோ பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பிடிக்கணுமா வஜீஹா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"மேடம், நான் தைக்க மாட்டேன். ஒங்க பொண்ண டாக்டராண்ட கூட்டிக்கினு போங்க. இன்னிக்கே."

"என்ன பேச்சு இது? கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கு!"

"திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்க. மொதல்ல உள்ள போய் அவ முதுகப் பாருங்க."

விஜயலக்ஷ்மி கோபத்தோடு எழுந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அம்மா, வராதே!" என்று ஸஹானா கத்தியது கேட்டது. விஜயலக்ஷ்மி திரைக்கு வெளியே வந்து, "ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடு வஜீஹா, டாக்டர்ட்ட போணும்," என்றாள்.