எட்டு வருடம் என்று சொன்ன வாய்

கல்லடியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் பத்திரம் என்று ஊரின் காகிதமெல்லாம் என் கண்ணாடிக்குக் கீழே முகம் குப்புறப் படுத்து எழும்பித்தான் போகும். அதனால் எனக்கு மனிதர்கள் மீது பெரிய மரியாதை கிடையாது. பிறந்த திகதியை ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதிவிட்டு, "அரசாங்கம் எங்களை அலைக்கழிக்குது" என்று புலம்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கொப்பி எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் போன பிறகு தனியே சிரிப்பேன்.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கே ஒரு படிவம் வந்தது.

என் கணவர் அரிசி ஆலையொன்றில் ஸ்டோர் கீப்பர். கட்டாரில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்து அந்த வேலையில் சேர்ந்தவர். மூட்டை எண்ணுவது அவருக்கு வெறுத்துவிட்டது. பனிச்சங்கேணியில் ஒருவர் தன் சின்ன லொறியை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதன் வேறு பேச்சே பேசவில்லை. அங்கிருந்து காலையில் மீன் ஏற்றி வந்து டவுனில் கொடுப்பது, திரும்பும்போது கடைச் சாமான் ஏற்றிப் போவது. கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். லொறிக்காரர் வெளிநாடு போகிறவர். ஞாயிற்றுக்கிழமை வரை உங்களுக்காக வைத்திருப்பேன், அதற்குப் பிறகு யார் காசோடு வந்தாலும் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இவர் வாகனக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டார்.

என்னிடம் கேட்டிருந்தால் நான் நிரப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் படிவத்தை நிரப்பியவன் வாகனத் தரகன். சட்டைப் பையில் மூன்று பேனாவும் வாயில் முந்நூறு பொய்யும் வைத்திருக்கிற ஆள். "ஸ்டோர் கீப்பர் எண்டு போட்டா லோன் போகாண்ணே" என்று மனேஜர் என்று எழுதியிருக்கிறான். கலியாணம் முடித்து எத்தனை வருடம் என்று கேட்டு, எட்டு என்றதும், வீட்டில் குடியிருக்கும் காலமும் எட்டு வருடம் என்று போட்டிருக்கிறான். கட்டார் எங்கே போனது? அந்த ஐந்து வருடத்தையும் பேனாவால் விழுங்கிவிட்டான். வீடு யாருடையது என்ற இடத்தில் 'சொந்தம்'. வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. கரண்ட் பில் இன்னும் செத்துப்போன என் அப்பாவின் பெயரில் வருகிறது. இவருடைய அடையாள அட்டையில் இருப்பதோ ஆரையம்பதியில் அவருடைய தாய் வீட்டு விலாசம். அத்தனைக்கும் கீழே என் கணவரின் கையெழுத்து, அழகாக, கோடு தாண்டாமல்.

படிவத்தின் கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தபோது எனக்கு வந்த சிரிப்பு அடங்கவில்லை. பின்வளவுச் சின்ன வீட்டில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, வந்து பாருங்கவன். உங்கட மருமகன் மனேஜராம். மூட்டைக்கெல்லாம் மனேஜர்!"

அம்மா சிரிக்கவில்லை. என் கணவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் விடவில்லை. "கட்டார்ல இரிந்துகொண்டே இஞ்சயும் குடியிருந்தீங்களா? உங்களுக்கு ரெண்டு உடம்பா?" என்றேன். "ஒரு கடதாசி வாசிக்கத் தெரியாத ஆளுக்கு லொறி ஒரு கேடா?" என்றும் சொன்னேன். சொன்னதை மறைக்கப் போவதில்லை. அவர் எழும்பிக் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி நானும் கொஞ்சம் யோசித்தேன். என் யோசனை எப்போதும் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கம்பனியில் இருந்து வீடு பார்க்க ஆள் வருவான். படிவத்தில் எழுதியாகிவிட்டது. இனி எல்லாரும் அதையே சொன்னால் சரி, எல்லாம் பொருந்தினால் போதும் என்று முடிவெடுத்தேன். கடையில் ஊராருக்கு நான் ஓதுகிற மந்திரமும் அதுதானே. ஒரு காகிதத்தில் இருப்பது மற்றதிலும் இருக்க வேண்டும்.

மறுநாள் பின்னேரமே ஆள் வந்துவிட்டான். வியர்த்துப்போன சட்டை, தோளில் பை, கையில் அட்டை வைத்துக் கவ்விய தாள். தாளை என் பக்கம் திருப்பவே இல்லை. பெரிய இரகசியப் பொலிஸ் என்று நினைத்துக்கொண்டேன். கேற்றுக்கு வெளியே நின்று வீட்டின் முகப்பைப் போனில் படம் எடுத்தான். வீட்டு இலக்கத்தைப் பார்த்தான். கரண்ட் மீற்றரின் நம்பரைக் குறித்தான். முன் கடை அக்காவிடம் ஏதோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"அக்கா, இது யார்ர வீடு?"

"அவர்ர சொந்த வீடு, தம்பி."

"கரண்ட் பில் ஒண்டு தருவீங்களா?"

கொடுத்தேன். அப்பாவின் பெயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அது பேர் மாத்தல்ல," என்றேன். வீட்டு உறுதிப் பத்திரத்தின் கொப்பி இருக்கிறதா என்று கேட்டான். பாங்கில் இருக்கிறது என்றேன். உண்மையில் அது என் தலைமாட்டு அலுமாரியில் என் பெயரோடு இருந்தது. கொப்பிக் கடைக்காரி வீட்டில் உறுதியின் கொப்பி இல்லையாம். இதை ஒருவன் என்னிடம் சொல்லியிருந்தால் நான் நாள் முழுக்கச் சிரித்திருப்பேன்.

"அண்ணன் இந்த வீட்டில எவ்வளவு காலமா இரிக்கார்?"

"எட்டு வருசம்," என்றேன், கண் இமைக்காமல்.

பின்வளவிலிருந்து வந்த அம்மா கதவடியில் நின்றுகொண்டிருந்தார். "எட்டு இல்ல மனே," என்றார் அவனிடம். "கலியாணம் முடிச்சுத்தான் எட்டு. மறுகா கட்டாருக்குப் போயிட்டார். வந்து மூணு வருசந்தான்."

"அம்மாவுக்கு இப்ப மறதி, தம்பி," என்றேன் நான். "நேத்துத் திண்டது இண்டைக்கு ஞாபகம் இல்ல. நீங்க எட்டு எண்டே எழுதுங்க."

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பின்வளவுக்குப் போய்விட்டார். அவருடைய ஞாபகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. என் ஆறாம் வகுப்பு டீச்சரின் புருசன் பெயர் வரை சொல்லுவார்.

அவன் ஏதோ எழுதினான். "மாத்திச் சொல்ல ஏதும் இரிக்கா அக்கா?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. "ஏன், நாங்க கள்ளரா?" என்றேன்.

"இல்லக்கா. நான் பாக்கிறதையும் கேக்கிறதையும் மட்டும் எழுதுறன்," என்றான். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். போகிற முதுகைப் பார்த்து, உன்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கிளைக்குக் கூப்பிட்டார்கள். கையெழுத்து வைக்கத்தான் என்று நினைத்து நல்ல சாரி உடுத்துக்கொண்டு போனேன். கிளை மனேஜர் ஒரு பெண். நிஜ மனேஜர். கோப்பைத் திறந்து எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முதலில் என் கண்ணில் பட்டது மனேஜர் என்ற சொல். அதன் மேல் ஒரு கோடு கிழித்து ஸ்டோர் கீப்பர் என்று எழுதியிருந்தது. எட்டுக்கு மேலே கோடு, பக்கத்தில் மூன்று. சொந்தம் என்பதற்கு மேலே கோடு, பக்கத்தில் மனைவியின் வீடு. ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் என் கணவரின் சின்னக் கையெழுத்து. பின்னால் ஆலை முதலாளியின் கடிதம், அடையாள அட்டை விலாசம் ஏன் வேறு என்று கிராம சேவகர் தந்த வதிவிடப் பத்திரம். ஆள் வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே இவர் எல்லாம் கொடுத்திருக்கிறார்.

"ஆலைக்கும் போய்ப் பாத்தம்," என்றார் மனேஜர். "வேலை, சேந்த திகதி, சம்பளம் எல்லாம் சரி. முன் கடையில கேட்டதும் சரி. மூணு வருசம் எங்களுக்குத் தாராளம். மனிசிட வீடு எண்டாலும் பிரச்சினை இல்ல, இந்தப் பக்கம் முக்கால்வாசிப் பேர் மனிசிட வீட்டிலதான் இரிக்காங்க. உறுதிக் கொப்பியும் உங்கட சம்மதக் கடிதமும் கேட்டிருப்பம், அவ்வளவுதான்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆனா அவர் ஒண்டு எழுதியிருக்கார், அம்மா அதையே சொல்றா, நீங்க வேற சொல்றீங்க. நாளைக்குக் காசு கட்டாட்டி இந்த விலாசத்திலதான் நாங்க அவரத் தேடோணும். அந்த வீட்டுக்குள்ளேயே ரெண்டு கதை எண்டா நான் எத நம்புறது? அதோட, முதல் எழுதினதையும் நீங்க சொன்னதையும் சேத்துப் பாத்தா, சொல்லிக் குடுத்த மாதிரி இரிக்கு. இத நான் மேல அனுப்ப ஏலா. கொஞ்சக் காலம் போகப் புதுசாப் போடுங்க."

பத்திரங்களோடு பழகுகிற நான் அந்தக் கோப்பை மூடி வைத்தேன். இரண்டு காகிதம் பொருந்தினால் போதும் என்று நினைத்தவளுக்கு, காகிதம் மனிதனோடு பொருந்த வேண்டும் என்பது அவ்வளவு வயதுக்கும் தெரிந்திருக்கவில்லை. தரகனைத் திட்டலாம், வீடு பார்க்க வந்த அந்தப் பைக்காரனைத் திட்டலாம் என்று மனம் அலைந்தது. ஒருவரும் அகப்படவில்லை.

வெளியே வந்து மோட்டர் சைக்கிளடியில் நின்றோம்.

"திருத்தினத ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, "சொன்னா சிரிப்பாய்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லொறி ஓட்டமாவடிக்காரர் ஒருவருக்குப் போனது. அதை இப்போதும் சில காலைகளில் பாலத்தில் பார்ப்பேன். என் கணவர் ஆலைக்குப் போகிற நேரமும் அதுதான்.

ஆறு மாதம் கழித்து வேறு ஒரு வாகனத்துக்கு மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை அவரே நிரப்பினார், நான் கொப்பி மட்டும் எடுத்தேன். அதே ஆள்தான் வீடு பார்க்க வந்தான். முகப்பைப் படம் எடுத்தான், மீற்றரைப் பார்த்தான், உள்ளே வந்தான். மேசையில் உறுதிக் கொப்பி தயாராக இருந்தது. அண்ணன் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார் என்று கேட்டான். எனக்கு வாய் கூசியது. பின்வளவுப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா கதவடி வரைக்கும் வந்தார்.

"எனக்கு மறதி மனே," என்றார் அவனிடம். "மகளிட்டயே கேளுங்க."

அவன் பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டரை வருசம்," என்றேன்.