திருத்தாமல் விட்ட ஓர் எழுத்து

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பட்டச் சான்று என்று எது வந்தாலும் பிரெஞ்சுக்கு மாற்றுவாள். மற்றவர்கள் மாற்றியதைத் திருத்தவும் செய்வாள். அவள் கையில் சிவப்புப் பேனா ஏறிவிட்டால் ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தாலும் விடமாட்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'தான், மேலாளர் உட்பட. சொந்தத் தம்பி என்று இருந்தவன் ஒருவன். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், தம்பி நான்கு பக்கத் தாளோடு வந்து அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"ரேடியோவுக்கு இன்னும் பன்னெண்டு நாள்ல கல்யாணம்க்கா. நான்தான் மாப்பிள்ளைத் தோழன். விருந்துல எழுந்து பேசணுமாம். பொண்ணு பிரெஞ்சுக்காரி. அவ வீட்டுக்காரங்களுக்கு பிரெஞ்சு தவிர வேற ஒண்ணும் தெரியாது."

ரேடியோ என்பது அவனோடு வேலை பார்ப்பவன். ஒரே வண்டியில் போய், ஒரே லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர்.

அவள் பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டா, பொண்ணோட அம்மாவை 'த்யூ'ன்னு கூப்பிட்டிருக்கே. முதல் தடவை பாக்குற பெரியவங்களை 'வா, போ'ன்னு பேசுவியா? 'வூ'ன்னு மாத்து. சாப்பாட்டுக்கு 'பூஃப்'னு எழுதியிருக்கே, அது லிஃப்ட் குழிக்குள்ள பேசுற பேச்சு."

"அங்கதானே நான் கத்துக்கிட்டதே."

"அது தெரியுது. இங்க பாரு, மணப்பொண்ணுக்கு முத்தம் குடுக்கணும்னு 'பெஸே'ன்னு போட்டிருக்கே. பெயர்ச்சொல்லா வந்தா அது முத்தம்தான். வினையா போட்டா வேற அர்த்தம்டா. படுக்கையறை அர்த்தம். இதை நீ படிச்சிருந்தா மண்டபத்துலேர்ந்து முழுசா வெளிய வந்திருக்க மாட்டே."

தம்பி காது சிவக்கச் சிரித்தான். அவள் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, கன்னத்தில் முத்தமிடுவதற்கான 'அம்ப்ராஸே' என்று எழுதினாள். ரேடியோ தன் தலையைத் தின்கிறான் என்று தமிழில் நினைத்து அப்படியே எழுதியிருந்தான். "பிரெஞ்சுக்காரங்க தலையைத் தின்ன மாட்டாங்க, காதை உடைப்பாங்க" என்று சொல்லி அதையும் மாற்றினாள்.

இரண்டாம் பக்கத்தில் காலங்கள் குழம்பிக் கிடந்தன. இரண்டு பேரும் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, இருவருக்கும் பசித்துக்கொண்டிருந்தது. இவற்றையும் ஒரே தடவையில் நடந்து முடிந்த காரியங்களைப்போல எழுதியிருந்தான். "பின்னால ஓடிக்கிட்டு இருந்ததுக்கு ஒரு காலம். சட்டுனு நடந்ததுக்கு இன்னொண்ணு. மழை பெஞ்சுக்கிட்டு இருந்தது, அது நீளும். மின்சாரம் போச்சு, அது ஒரு வெட்டு." அவன் பள்ளிப் பையன் மாதிரி தலையாட்டிக் குறித்துக்கொண்டான்.

கடைசிப் பக்கம் மணமக்களுக்கு. உங்களுக்குக் குழந்தைகள் பிறப்பார்கள், வளர்வார்கள், உங்களைப் படாத பாடு படுத்துவார்கள் என்று வரிசையாக எதிர்கால வினைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு: அந்தக் குழந்தைகளுக்கு அவர்கள் அப்பாவின் கதையெல்லாம் நான் சொல்வேன். அந்த வினையின் முடிவில் மட்டும் 'எஸ்' என்ற எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது.

"இது எல்லாரும் பண்ற தப்பு. காதுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எஸ் இல்லன்னா 'சொல்வேன்'. எஸ் போட்டா, சொல்ற நிலைமையில இருந்தா சொல்வேன், ஆனா..." பேனா எஸ் மேல் இறங்கியது.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது தப்பில்லக்கா. தெரிஞ்சுதான் போட்டேன்."

"என்னடா தெரிஞ்சு?"

அவன் தாளைப் பார்த்தபடியே இருந்தான். "கணையத்துல கேன்சர். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி சொன்னாங்க. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிருச்சாம். ஆறு மாசம்னாங்க. அதுவும் உறுதியா சொல்லல."

அடுத்த அறையில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். சட்டைக் கழுத்து இரண்டு விரல் தளர்ந்து தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள். அரை மணி நேரமாக எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவளோ எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயே மறைச்சியாடா?"

"எப்படிக்கா சொல்றது? எந்த வார்த்தையில சொன்னாலும் நீ அழுவியே. ரேடியோவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கல்யாணத்தையே தள்ளி வெப்பான். கேக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். அதை மட்டும் விட்ரு."

அவள் விட்டாள். மற்ற மூன்று பக்கத்தையும் சுத்தமாகத் தட்டச்சு செய்து, நான்காம் பக்கத்தை அந்த எஸ்ஸோடு கொடுத்தாள். அன்று மதியம் அவள் வேறு எதையும் திருத்தவில்லை.

கல்யாண விருந்தில் தம்பி எழுந்தபோது கோட்டு தோளில் நிற்காமல் வழுக்கியது. வயிறு சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். தாளைப் பார்க்காமலே பேசினான். காது உடைந்த கதைக்கு மண்டபம் அதிர்ந்தது. பெண்ணின் அம்மாவைப் பார்த்து மரியாதையாக 'வூ' என்று தொடங்கி, இப்படி ஒரு மகளை வளர்த்ததற்கு நன்றி சொன்னான். அந்த அம்மாள் எழுந்து வந்து, இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "என்னை இனிமேல் 'த்யூ'ன்னே கூப்பிடுப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவன் கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை.

கடைசி வாக்கியம் வந்தது. மண்டபத்தில் எல்லோரும் 'சொல்வேன்' என்றே கேட்டுக் கைதட்டினார்கள். அக்கா மட்டும் கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் கண்ணீரைப் பார்த்து, தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

ஆறு மாசம் என்றது நான்காகத்தான் வந்தது. வயிற்றுக்காகத்தான் விடுப்பு என்று நம்பியிருந்த ரேடியோ, மூன்றாம் மாசம் மருத்துவமனைப் படுக்கையில் அவனைப் பார்த்ததும் அறை வாசலோடு திரும்பிப்போனான். அவள் ஓடிப்போய்ப் படிக்கட்டில் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா? கல்யாணத்தன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவன்கிட்ட ஆட்டம் போடச் சொன்னேன்க்கா. வரலன்னான். கிழவன் மாதிரி உக்காந்திருக்கியேன்னு எல்லாரு முன்னாடியும் கேலி பண்ணேன்."

ரேடியோ முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினான். அன்றிலிருந்து கடைசி வரை தினமும் வந்தான். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது என்று ஓயாமல் பேசினான். பேச்சு வராத கடைசி வாரத்தில் தம்பி கேட்டுக்கொண்டு மட்டும் கிடந்தான்.

எல்லாம் முடிந்த பிறகு இறப்புச் சான்றிதழை பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவன் வேலை செய்த பிரெஞ்சு நிறுவனம் கேட்டது. மேலாளர், "நான் பண்ணிடறேன்க்கா, நீங்க விடுங்க" என்றார். அவள் கேட்கவில்லை. பெயர், பிறந்த தேதி, தொழில், மணமாகாதவர் என்று வரி வரியாகத் தானே எழுதினாள். மூன்று தடவை சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. முத்திரையைக் கையில் எடுத்தவளுக்கு அதைத் தாளில் வைக்கத்தான் மனசு வரவில்லை. பிறகு மேலாளர் வந்து, அவள் கையிலிருந்து முத்திரையை வாங்கிக்கொண்டார்.