எக்ஸ்ரேயில் அகப்படாத நோய்

என் தங்கையைத் தையல் கம்பெனியில் ‘ஊசி’ என்பார்கள். உடம்பு ஒல்லி, பேச்சு குத்தும். காலர் தைப்பதில் அந்த வரிசையில் அவளுக்கு நிகர் கிடையாது. அக்கா என்பதால் சொல்லவில்லை. அவள் தைத்த சட்டை ஒன்று திரும்பி வந்ததாக யாராவது காட்டட்டும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அடிவயிற்று வலி தொடங்கியது. உள்ளே கயிறு கட்டி இழுப்பது போல, எல்லா நாளும். மாதவிடாய் வரவரக் குறைந்து வெறும் பொட்டாகப் பட்டது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். வயிற்றுக்கும் மிஷினுக்கும் நடுவே துணிக்கட்டை அழுத்திக்கொண்டு தைப்பாள்.

"என்னம்மா, வீட்டுல தூங்க விடுறதில்லையா?" என்றான் சூப்பர்வைசர்.

"உங்க வீட்டுக் கதைய இங்க எதுக்குண்ணே சொல்றீங்க?"

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வலி.

மாமியார் வீட்டில் அந்தச் சிரிப்பும் கிடையாது. குழந்தை இல்லாததால், மாமியார் தன் அண்ணன் மகளை மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வைத்திருந்தாள். "டாக்டர் நோயில்லைன்னா நீ பொய்க்காரி. குறை இருக்குன்னா மலடி. ரெண்டுல எதுவானாலும் பொட்டியக் கட்டு" என்றாள், மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. அவன் குழம்பு கேட்டான்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கர்ப்பப்பையின் உள்தோலில் துளி சுரண்டி, ஒரு பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோய் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாமியார் அந்தச் சீட்டைத் தெருவில் நாலு பேருக்குக் காட்டினாள். நான் தங்கையை வேறு ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பொய் அம்பலமாவதைப் பார்க்க வேண்டும் என்று மாமியாரும் இருமிக்கொண்டே கூட வந்தாள்.

டாக்டரும் சிடுமூஞ்சிதான். "போன தடவை சதைய எதுல போட்டாங்க?"

"பாட்டில்ல ஃபார்மலின்னு ஒட்டியிருந்துச்சு" என்றேன். அதையெல்லாம் நான் பார்க்காமல் விடமாட்டேன்.

"முழுசையுமா? சதை கெடாம வைக்கிற அந்த மருந்துல கிருமியும் செத்துடும். அப்புறம் எங்க வளர்த்துப் பாக்குறது?" பேனாவைத் தட்டினார். "வீட்டுல யாருக்காவது காசநோய் இருந்துச்சா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது" என்றாள் மாமியார்.

தங்கை திரும்பினாள். "சாகுறதுக்கு முன்னாடி மாமா ஒரு வருஷம் பூரா இருமினாரே. அவர் துப்புற கிண்ணத்தைக் கழுவுனது யாரு அத்தை?"

"அது பீடி இருமல்."

"பீடி இருமலுக்கு ஆஸ்பத்திரியில வாரா வாரம் மாத்திரை குடுப்பாங்களா? வெளிய தெரிஞ்சிடும்னு பாதியில நிறுத்த வச்சது நீங்கதான்."

மாமியார் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தாள்.

அடுத்த மாதவிடாய்க்கு முன்பு, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கருக்குழாய்கள் இரண்டும் மணி கோத்தாற்போல முண்டு முண்டாகத் தடித்து, குடலோடு ஒட்டியிருந்தன. மேலே வெள்ளைக் குருணைகள். இந்த முறை எடுத்த சதையில் ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியை உப்புநீரிலும் போட்டார்கள். உப்புநீரில் போனதில் காசநோய்க் கிருமி பிடிபட்டது.

"நெஞ்சு வழியா உள்ள போகும். ரத்தத்துல கலந்து குழாய்ல போய் உக்காந்துக்கும். வருஷக்கணக்கா சத்தமே காட்டாது. நெஞ்சுல தழும்புகூட இருக்காது" என்றார் டாக்டர். மாமனாரிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம் என்றார்.

பொய்க்காரி பட்டம் போனது. மாமியார் அடுத்ததைத் தேடினாள். தங்கைக்குத் தனித்தட்டு, தனிப்பாய். நான் டாக்டரிடம் கேட்டதற்கு, "தட்டுல ஒட்டாது. இவ நுரையீரல் சுத்தம், இவகிட்டருந்து பரவாது. இருமுறவங்கதான் சளியப் பரிசோதனைக்குக் குடுக்கணும்" என்று மாமியாரைப் பார்த்தார். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றே தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினாள். வாந்தி எடுத்தாள், சிறுநீர் ஆரஞ்சாகப் போனது. காலர் மட்டும் கோணவில்லை. காய்ச்சல் போனது. வலி பெரும்பாலும் அடங்கியது. ஆனால் அடைத்த குழாய்கள் திறக்கவில்லை. தானாகக் கரு நிற்பது கடினம், உள்தோல் நன்றாக இருப்பதால் உடம்புக்கு வெளியே கரு உண்டாக்கி உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அதைக் கேள்விப்பட்டு அவள் புருஷன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அம்மா உன்ன வரச் சொன்னாங்க."

"அவங்க சளி குடுத்தாங்களா?"

"கேட்டா கோவப்படுவாங்க."

"கோவத்தோடயே இருமட்டும். நீங்க எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டி கட்டச் சொன்னீங்க, கட்டிட்டேன்" என்றாள் தங்கை. "அவிழ்க்கணும்னா ரெண்டு பேரும் பரிசோதனைச் சீட்டோட வாங்க. புள்ளயப் பத்தி அப்புறம் நான் யோசிக்கிறேன்."

அவன் போய்விட்டான். பெட்டி இன்னும் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் கட்டியபடியே இருக்கிறது.