மேகம் விலகிய பக்கம்

கூன்வோர் மீர்வாங்குக்குப் பொய் சொல்லி ஆள் பிடிக்கத் தெரியாது. துருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ட்ரொம்சோவில் துருவ ஒளி காட்ட வண்டி விடுகிறவர்களில் இது அபூர்வம். தொலைபேசியில் யாராவது எப்போது வரலாம் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"செப்டம்பர் கடைசில வாங்க, இல்லேன்னா மார்ச்ல வாங்க. டிசம்பர்ல இருட்டு ஏகத்துக்கு இருக்கும். மேகமும் இருக்கும். மேகத்துக்கு மேல ஒளி ஆடினா உங்களுக்கு என்ன, எனக்கு என்ன?"

"ஒரு ராத்திரி போதுமா?"

"ஒரு ராத்திரின்னா பூவா தலையாதான். நாலஞ்சு ராத்திரி தங்குங்க."

பாதிப் பேர் வேறு நிறுவனத்தைத் தேடிப் போய்விடுவார்கள். அவள் கணவன் ரைடார் சிரிப்பான். "இப்படியே பேசு, நாம ரெண்டு பேரும் காட் மீனைக் காயப்போட்டுத்தான் பொழைக்கணும்."

அவர்களிடம் ஒரே ஒரு வேன். ரைடார் ஓட்டுவான், எங்கே போவது என்பதைக் கூன்வோர் முடிவு செய்வாள். வார இறுதிகளில் அவனுக்குப் பதிலாக நான் ஓட்டுவேன், அடுத்த வீட்டுக்காரன் என்பதால். துருவத்தைச் சுற்றி அந்த ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே எங்கள் ஊர் இருக்கிறது. சூரியனிலிருந்து பெரிதாக ஒன்றும் கிளம்பி வராவிட்டாலும் பச்சையாக ஏதோ ஒன்று வந்துவிடும். வானம் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேற்குக் காற்று கடலிலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும், லிங்கன் மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டிவிடும், மலைக்குப் பின்னால் ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு மேகமில்லாமல் வறண்டு கிடக்கும். அங்கேயும் இல்லையென்றால் பின்லாந்து எல்லையைத் தாண்டி ஓட்ட வேண்டும். அந்த மேகத்தின் ஓட்டைகளைச் செயற்கைக்கோள் படத்தில் படிக்கக் கூன்வோர் அளவுக்கு யாருக்கும் வராது.

அந்த டிசம்பரில் தொடர்ந்து மழை. பனிக்காலத்தில் பெய்யும் மழை, விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு குழு நாள் தவறாமல் விடுதியில் காத்துக் கிடந்தது. ஊருக்குத் திரும்ப அவர்களுக்கு ஒரே நாள்தான் மிச்சம்.

அன்று மதியம் நான் கூன்வோர் வீட்டுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ரைடார் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தபடி நின்றான்.

"ரோடு கண்ணாடி மாதிரி கெடக்கு கூன்வோர். இன்னிக்கு ரத்து பண்ணிடலாம்."

"மேகம் கெடந்தா நானே ரத்து பண்ணச் சொல்வேன்." அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாரு. கடற்கரை முழுக்க மூடியாச்சு. மலைக்கு அந்தாண்ட சாயங்காலம் திறக்கும். சூரியக் காத்தோட காந்தமும் தெக்கால திரும்பி நிக்குது, ஒளிக்கு அதுதான் தோது. இன்னிக்கு அடிச்சா நல்லா அடிக்கும்."

"அடிக்கலேன்னா?"

"அடிக்கும்னா அடிக்கும். ஆணி டயர் போட்டிருக்க இல்ல? மெதுவாப் போ."

"நீ சொன்னா சூரியனும் கேக்கும், நான் கேக்க மாட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸை மாட்டினான். பயணிகள் இருட்டில் போட்டுக்கொள்ளும் ஒளிரும் மேலாடைகள் இருந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பிறகு நடந்ததை அந்தக் குழுவில் வந்த மார்த்தா என்ற ஆசிரியை போலீஸாரிடமும், பின்னால் எங்களிடமும் சொன்னார். மலையைத் தாண்டியதும் நட்சத்திரங்கள் தெரிந்தன. ரைடார் வழக்கமாக வண்டியை நிறுத்தும் ஒதுங்குமிடத்தில் மற்ற நிறுவனங்களின் பேருந்துகள் அடைத்துக்கொண்டு நின்றன. எல்லோரும் ஒரே ஓட்டையைத் தேடித்தான் வந்திருந்தார்கள். அடுத்த ஒதுங்குமிடத்தில் பனி குவிந்து வழி மூடியிருந்தது. அதற்குள் தலைக்கு மேல் ஒளி வெடித்துவிட்டது. ஒரு கோடாகக் கிளம்பி, முறுக்கிக்கொண்டு, வானம் முழுக்கப் பரவியது.

"நிறுத்துங்க! போயிடும்!" என்று வண்டிக்குள் கத்தினார்கள்.

"திரும்ப வரும். இடம் பாத்து நிறுத்தறேன்" என்றான் ரைடார். ஒருவர் அழவே ஆரம்பித்துவிட்டார். கடைசியில் சாலை ஓரத்திலேயே நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லோருக்கும் மேலாடையைக் கொடுத்து, "சாலைக்கு அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க" என்றான்.

மார்த்தாவின் கணவர் படம் எடுத்தபடியே பின்னால் நகர்ந்தார். சாலையின் நடுவே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்லாந்துக்குச் சால்மன் மீன் ஏற்றிப்போகும் லாரி ஒன்று வளைவைத் தாண்டி வந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார், லாரி வழுக்கிக்கொண்டே வந்தது. ரைடார் ஓடிப்போய் அந்த மனிதரைத் தள்ளினான். அவர் பனியில் விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். லாரி மோதி ரைடார் அங்கேயே இறந்துபோனான்.

கொஞ்ச நேரம் முன்னால்தான் அவன் கூன்வோருக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: "நீ சொன்னதுதான். ஒளி கொட்டுது." அவள் சந்தோஷத்தில் எனக்கு அதை அப்படியே அனுப்பினாள். அப்புறம் அவள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்பதைப் பார்த்தேன். போலீஸ்காரரோடு பாதிரியார் இறங்கினார். எங்கள் ஊரில் பாதிரியார் இப்படி வந்தால் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறந்த கூன்வோர், அவர்கள் வாய் திறப்பதற்குள் மூடிவிட்டாள்.

சவ அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: உன் தப்பில்லை. நானும் சொன்னேன்.

"தப்பில்லேன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "ஓட்டை எங்கன்னு சரியாச் சொன்னேன். எப்போன்னு சரியாச் சொன்னேன். தப்பாச் சொல்லியிருந்தா நாலு ஸ்பானியர்கள் மழையைப் பாத்துத் திட்டிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க. அவனும் வீட்டுக்கு வந்திருப்பான்."



மார்த்தா கடிதம் எழுதினார், கூன்வோர் அதைப் பிரிக்கவில்லை. சாலைத் துறைக்காரர்களைப் பார்த்து ஒதுங்குமிடங்களில் பனி அள்ளச் சொன்னாள். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த குளிர்காலத்தில் 'நிறுத்தாதே' என்று ஒரு பலகை மட்டும் நட்டார்கள். அவள் வேனை விற்றாள்.

அவளால் பொறுக்க முடியாமல் போனது வானம்தான். கோடையில் எங்களுக்கு ராத்திரியும் வெளிச்சம்தான். ஆகஸ்ட் முடிந்து இருட்டு திரும்பினால், மளிகைக் கடைக்குப் போய்வரும்போதுகூட அந்த ஒளி தலைக்கு மேல் வந்து நிற்கும். தெருவில் பயணிகள் கைதட்டுவார்கள். எனவே அவள் தனக்குத் தெரிந்த கணக்கையே தலைகீழாகப் போட்டாள். இருட்டுக் காலம் முழுவதும் தெற்கே, கிறிஸ்தியான்சாந்தில் தங்கை ஈடுனின் வீட்டில் இருப்பது, ஏப்ரல் கடைசியில் ராத்திரி வெளுத்த பிறகு ஊருக்கு வருவது. "அங்க தெரியறது அபூர்வம்" என்றாள் என்னிடம். ஒரு குளிர்காலம் அப்படியே கழிந்தது.

மறு அக்டோபரில் சூரியனில் பெரிய புயல். ஒளி வளையம் பெருத்துத் தெற்கே இறங்கியது. ஈடுன் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். சாப்பிட்டு எழுந்த நேரம், வானம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டதாம். வாழ்நாளில் இந்த ஒளியைப் பார்த்திராத அக்கம்பக்கத்தார் குழந்தைகளோடு தெருவுக்கு ஓடிவந்து, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்களாம். கூன்வோர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போயிருக்கிறாள்.

"ரோட்டை விட்டு எறங்குங்க! எறங்குங்கன்னு சொல்றேன்ல!"

"என்னங்க, இந்தத் தெருவுல வண்டியே வராதுங்க" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஈடுன் வந்துதான் அக்காவைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஒரு தடவைகூடக் கூன்வோர் மேலே பார்க்கவில்லை.

அந்த வாரமே ட்ரொம்சோவுக்குத் திரும்பிவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன்.

"அங்கயும் வருது" என்றாள். "இங்கயாவது என் கட்டில் இருக்கு."

இப்போது மீன் பதனிடும் ஆலையில் பகல் வேலை பார்க்கிறாள். இருட்டினால் கெட்டித் திரையை இழுத்துவிடுகிறாள். நான் இப்போது வேறொரு நிறுவனத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். இன்று வானம் எந்தப் பக்கம் திறக்கும் என்று அவளிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "காத்து மேக்கால இருந்தா எங்க திறக்கும்னு உனக்கே தெரியும்" என்றாள். அன்று நான் வண்டி எடுக்கவில்லை, நிறுவனத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.